எண்பது மில்லிகிராம் குப்பியை அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாவட்ட மருந்துக் களஞ்சியத்துக்கும் ஆஸ்பத்திரி நிர்வாகங்களுக்கும் பொறுப்பாயிருக்கும் பெருமதிப்புக்குரிய ஐயா, அம்மணிகளுக்கு,

வணக்கம்.

சிறுபிள்ளைகளுக்கான ஜென்டமைசின் குப்பி தீர்ந்துபோனது உங்களுக்குத் தெரியும். கேட்டு எழுதினோம், இருப்பு இல்லை என்று பதில் தந்தீர்கள். நாட்டின் நிலைமை எங்களுக்கும் விளங்கும். அதற்காக உங்களோடு வழக்காட வரவில்லை. அதற்குப் பதிலாக வந்த பெட்டியைப் பற்றித்தான் இதை எழுதுகிறோம்.

வழமையான குப்பியில் 20 மி.கி. மருந்து 2 மி.லீ. திரவத்தில் இருக்கும். இப்போது வந்திருப்பதில் 80 மி.கி. மருந்து, அதே 2 மி.லீ. திரவத்தில். பெயர் ஒன்று, திரவத்தின் அளவு ஒன்று, ட்ரேயில் வைக்கும் இடமும் ஒன்று. முந்தியதில் ஒரு மில்லிலீற்றருக்கு 10 மி.கி., இதில் 40. இந்த நாலு மடங்கு வித்தியாசத்தைச் சொல்ல பெட்டியோடு ஒரு துண்டுக் கடிதம்கூட வரவில்லை. இரவுக் கடமையில் தனியாக நிற்கும் மிஸ்ஸி லேபலின் சிறிய எழுத்தை வாசித்துத்தான் அதை அறிய வேண்டும்.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். செறிவு மாறிய மருந்து களஞ்சியத்தை விட்டு வெளியே வரும்போது, அதனோடு ஒரு கணக்கு அட்டையும் ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சுகளும் வர வேண்டும். தயவுசெய்து இதைச் செய்து தாருங்கள்.

ஏன் கேட்கிறோம் என்பதை ஒரு பிள்ளையின் கணக்கை வைத்தே சொல்கிறோம். படுவான்கரைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியொன்றில் பிறந்து மூன்று நாளான, 3 கிலோ நிறையுள்ள பிள்ளைக்குக் கிருமித்தொற்று என்று சந்தேகம். மட்டக்களப்பு டவுனுக்கு அனுப்ப முன்னர் முதல் வேளை மருந்தைப் போட்டுவிட வேண்டும். டொக்டர் கிலோவுக்கு 5 மி.கி. வீதம் 15 மி.கி. என்று எழுதுகிறார். பழைய குப்பியென்றால் 15ஐ 10ஆல் பிரித்து 1.5 மி.லீ. கை பழகிய அளவு அது. அதே 1.5 மி.லீ.ஐப் புதிய குப்பியிலிருந்து இழுத்தால் பிள்ளையின் உடம்புக்குள் போவது 60 மி.கி.

சரியான கணக்கு இதுதான்: எழுதப்பட்ட மில்லிகிராமை லேபலில் உள்ள மில்லிகிராமால் பிரித்து, லேபலில் உள்ள மில்லிலீற்றரால் பெருக்க வேண்டும்.

```
15 ÷ 80 × 2 = 0.375 மி.லீ.
```

பிழை இரண்டு பக்கமும் நடக்கும். 15ஐ 80ஆல் பிரித்து 0.1875 என்று வந்ததும், அதையே மில்லிலீற்றர் என்று எடுத்துவிட்டால் பிள்ளைக்குப் பாதி மருந்துதான் போகும். 2ஆல் பெருக்க மறந்தவரைக் குறை சொல்வது லேசு. ஆனால் 80 மி.கி./2 மி.லீ. என்று அச்சிடப்பட்ட லேபலில் 80 என்ற எண்தான் முதலில் கண்ணில் படும். அதனால்தான் அட்டையின் முதல் வரியில் "1 மி.லீ.இல் 40 மி.கி." என்று பெரிய எழுத்தில் இருக்க வேண்டுமென்று கேட்கிறோம். அப்படி எழுதிவிட்டால் பெருக்கல் தேவையில்லை. 15ஐ 40ஆல் பிரித்தால் விடை கையில் வந்துவிடும்.

விடையைச் சரிபார்க்க இரண்டு வழி உண்டு, இரண்டும் அட்டையில் இருக்கட்டும். கணக்குப் போடுவதற்கு முன் மனதால் ஒரு மதிப்பீடு: 15 என்பது 40இன் பாதியைவிடக் குறைவு, ஆகவே விடையும் அரை மில்லிலீற்றரைவிடக் குறைவாகத்தான் வர வேண்டும். 1.5 என்று வந்தால் அங்கேயே கையை நிறுத்தலாம். கணக்குப் போட்டபின் திருப்பிப் பெருக்கிப் பார்ப்பது: 0.375 × 40 = 15. இரவில் இரண்டாவது ஆள் இல்லாத விடுதியில் இந்தத் திருப்பிப் பெருக்கல்தான் இரண்டாவது ஆள்.

கணக்கு சரியாக வந்த பிறகுதான் எங்கள் உண்மையான கஷ்டம் தொடங்குகிறது. 0.375 மி.லீ.ஐ எதில் இழுப்பது? எங்களிடம் இருக்கும் 3 மி.லீ. சிரிஞ்சில் ஒரு சிறு கோடு என்பது 0.1 மி.லீ. அதில் 0.3க்கும் 0.4க்கும் நடுவே எங்கோ ஓரிடத்தைக் கண்ணால் குறிக்க வேண்டும். 0.3இல் நின்றால் 12 மி.கி., 0.4இல் நின்றால் 16 மி.கி. ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சில் 0.01 வரை கோடு இருக்கிறது, அதில் 0.37 அல்லது 0.38 என்று நின்றால் போதும். சிலர் இன்சுலின் சிரிஞ்சை எடுக்கிறார்கள். தயவுசெய்து அதை யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். அதிலுள்ள எண்கள் மில்லிலீற்றரல்ல, யூனிற். வழமையான இன்சுலின் சிரிஞ்சில் 100 யூனிற் சேர்ந்தால்தான் ஒரு மில்லிலீற்றர். அவசரத்தில் 15 மி.கி.க்கு 15ஆம் கோட்டில் நிற்பவர் 0.15 மி.லீ. இழுத்திருப்பார். அது 6 மி.கி. மட்டுமே.

இன்னொன்றும் உண்டு. ஊசி பொருந்தும் சாதாரண சிரிஞ்சின் முனையிலும் ஊசிக்குள்ளும் கோட்டுக்கு வெளியே கொஞ்சம் மருந்து தங்கும். 0.05 மி.லீ. என்றே வைத்துக்கொள்வோம். கடும் செறிவில் அது 2 மி.கி. ஆகும். மருந்தை 0.375க்கு இழுத்து, அதே சிரிஞ்சில் செலைனையும் இழுத்துக் கலக்கினால், தங்கியிருந்ததும் உள்ளே வந்து 15 என்பது 17 ஆகிவிடும். 2 கிலோ நிறையுள்ள குறைமாதப் பிள்ளைக்கு டொக்டர் 6 மி.கி. எழுதியிருந்தால் இழுக்க வேண்டியது 0.15 மி.லீ. அங்கே அந்த 2 மி.கி. மூன்றிலொரு பங்கு.

ஆகவே ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சு இல்லாத இடத்தில் குப்பியைப் பழைய செறிவுக்குக் கொண்டுவந்துவிடுவதுதான் பாதுகாப்பு. 10 மி.லீ. சிரிஞ்சில் 2 மி.லீ. கோடு வரை மருந்தை இழுக்க வேண்டும். குப்பியில் எழுதியதைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே திரவம் இருக்கும், ஆகவே உள்ளதையெல்லாம் உறிஞ்சாமல் கோட்டைப் பார்த்து நிறுத்த வேண்டும். பிறகு அதே சிரிஞ்சில் செலைனை 8 மி.லீ. கோடு வரை இழுத்து, நாலைந்து தரம் கவிழ்த்து நிமிர்த்திக் கலக்க வேண்டும். இப்போது 8 மி.லீ.இல் 80 மி.கி., ஒரு மில்லிலீற்றருக்கு 10. இதிலிருந்து வேறொரு 3 மி.லீ. சிரிஞ்சுக்கு 1.5 மி.லீ. எடுத்தால் 15 மி.கி. முனையில் தங்கிய மருந்து இங்கேயும் உள்ளே வரும்தான், ஆனால் 80க்குள் 2 சேர்வது 15க்குள் 2 சேர்வதைப்போன்றதல்ல.

இதிலும் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. "8 மி.லீ. வரை" என்பதை "8 மி.லீ. சேர்" என்று கேட்டுக்கொண்டால் மொத்தம் 10 மி.லீ. ஆகி, செறிவு 8க்கு இறங்கிவிடும். பிள்ளைக்கு 15க்குப் பதிலாக 12 போகும். ஒருவர் மற்றவருக்கு வாயால் சொல்லிக் கொடுக்கும்போது கட்டாயம் நடக்கும் பிழை இது. கலக்கிய சிரிஞ்சில் மருந்தின் பெயரும் "1 மி.லீ.இல் 10 மி.கி." என்பதும் நேரமும் எழுதி ஒட்ட வேண்டும், மீதியை அடுத்த வேளைக்கென்று வைக்காமல் வீச வேண்டும். அட்டையில் அச்சிட்டுத் தாருங்கள் என்று நாங்கள் கெஞ்சுவது இப்படியான நாலு வரிக்காகத்தான்.

ஜென்டமைசின் சிறுநீரகத்தையும் உட்காதையும் தாக்கக்கூடிய மருந்து. ஒரு வேளை கூடிவிட்டால் பிள்ளையின் காது போய்விடும் என்று யாரையும் பயமுறுத்த வரவில்லை. ஆனால் விடுதியில் முதல் ஆள் டிக்கெட்டில் "1.5 மி.லீ." என்று குறித்துவிட்டால் அடுத்த வேளைக்காரர் அதைப் பார்த்தே இழுப்பார். குப்பி மாறியது அந்தக் குறிப்புக்குத் தெரியாது. ஒரு நாள் பிழை ஏழு நாள் பிழையாவது இப்படித்தான். பச்சைப்பிள்ளைக்குக் கேட்கவில்லை என்பது மாதக்கணக்கில் யாருக்கும் தெரியவராது, போன கேட்கும் சக்தி பெரும்பாலும் திரும்பி வருவதுமில்லை. இதனால்தான் டொக்டர்மாரிடமும் கேட்கிறோம்: டிக்கெட்டில் மில்லிகிராமில் மட்டும் எழுதுங்கள். மில்லிலீற்றரை, கையில் உள்ள குப்பியைப் பார்த்து, ஒவ்வொரு வேளையும் இழுப்பவரே கணக்கிடட்டும்.

ஒரு பிழை நடந்தால் விளக்கம் கோரிக் கடிதம் வருகிறது. அது ஒரு நாளும் பிந்துவதில்லை. பயிற்சிப் பட்டறைக்குப் பெயர் கேட்கிறார்கள், கையொப்பம் வாங்குகிறார்கள். சுற்றறிக்கை வந்தால் தமிழ்ப் பிரதி பிறகு வரும் என்கிறார்கள். விடுதிச் சுவரில் ஒட்டியிருக்கும் கணக்குகளில் பாதி, தாதிமார் சொந்தக் காசில் போட்டோக்கொப்பி எடுத்து ஒட்டியவை. செறிவு மாறியது களஞ்சியத்தில் பெட்டியைக் கணக்கில் ஏற்றியவருக்கு அன்றே தெரிந்திருக்கும். அங்கிருந்து விடுதிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வருவதற்கு என்ன தடை? பெட்டியை அனுப்ப வாகனம் இருந்ததே, அதே வாகனத்தில் ஒரு தாள் வர முடியாதா?

கோபத்தில் குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களிடமும் ஆட்பற்றாக்குறை உண்டென்று அறிவோம். நாங்கள் கேட்பது புதிய கட்டிடமோ இயந்திரமோ அல்ல. செறிவு மாறிய ஒவ்வொரு மருந்தோடும் தமிழில் ஒரு கணக்கு அட்டை, ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சுகள், அனுப்பும் நாளிலேயே விடுதிப் பொறுப்பாளருக்கு ஓர் அறிவித்தல். பழைய குப்பியில் மிச்சம் இருந்தால் அதைத் திருப்பி எடுத்துவிட்டுப் புதியதைத் தாருங்கள். இரண்டும் ஒரே ட்ரேயில் கிடப்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அட்டையை நாங்களே எழுதித் தரவும் ஆயத்தமாக இருக்கிறோம். உங்கள் மருந்தாளர் ஒருவர் சரிபார்த்துக் கையொப்பமிட்டுத் தந்தால் போதும்.

அடுத்த மாதாந்த மருந்து விநியோகத்துக்கு முன் இதற்கு எழுத்தில் ஒரு பதில் தருமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
மட்டக்களப்பு மாவட்டச் சிறுவர் விடுதிகளிலும் பிரசவ விடுதிகளிலும் கடமையாற்றும் தாதிய உத்தியோகத்தர்கள் சிலர்