வட்டி மாற்றக் கடிதங்களை அடிப்படைப் புள்ளிகளில் எழுதுங்கள்

திருகோணமலை நகரிலுள்ள வங்கிக் கிளைகளினதும் நிதிக் கம்பனிகளினதும் முகாமையாளர்களுக்கு,

திருக்கடலூரில் படகு இயந்திரத்துக்காகக் கடன் பெற்ற ஒருவருக்கு வந்த வட்டி மாற்றக் கடிதத்தை அண்மையில் வாசித்துக் காட்ட நேர்ந்தது. “உங்கள் வட்டி வீதம் 0.5 சதவீதத்தால் குறைக்கப்படுகின்றது” என்ற ஒரே வரிதான் அதில் இருந்தது, பழைய வீதமோ புதிய வீதமோ குறிப்பிடப்படவில்லை.

அவருடைய வீதம் 14 சதவீதம். குறைப்பை நேராகக் கழித்தால் புதிய வீதம் 13.5 ஆகும். 14 இன் அரைச் சதவீதம் என்று கொண்டால் குறைவது 0.07 மட்டுமே, வீதம் 13.93 இல் நிற்கும். நிலுவை 20 இலட்சம் ரூபாயாக ஓராண்டு முழுவதும் இருப்பதாக வைத்துக்கொண்டால், முதல் கணக்கில் 10,000 ரூபாய் வட்டி குறையும். இரண்டாவதில் 1,400 ரூபாய்தான் குறையும். தவணை கட்டக் கட்ட நிலுவை இறங்குவதால் உண்மைத் தொகைகள் இவற்றிலும் சிறியவையாக இருக்கும் என்றாலும், இரண்டு வாசிப்புகளுக்கும் இடையிலான இடைவெளி மறைந்துவிடாது.

கடன் கொடுப்போர் தமக்குள் அடிப்படைப் புள்ளி என்ற அலகில் பேசுவது இந்த இரட்டை அர்த்தத்துக்கு இடம்கொடாமல் இருப்பதற்காகத்தான். ஒரு புள்ளி என்பது ஒரு சதவீதத்தின் நூறில் ஒரு பங்கு. “50 புள்ளிகள் குறைவு” என்றால் 14.00 இலிருந்து 13.50 என்பதைத் தவிர வேறு பொருள் இல்லை. தொலைபேசியில் சொல்லும்போது 0.25 என்பது 0.025 ஆகக் காதில் விழக்கூடும். 25 என்ற முழு எண்ணில் அந்த ஆபத்து இல்லை. கோடிக்கணக்கில் கடன் கொடுக்கும் நிறுவனத்துக்கு ஒரு புள்ளியும் அற்பமானதன்று: ஒரு கோடி ரூபாய்க்கு அது ஆண்டுக்கு 1,000 ரூபாய். மத்திய வங்கியும் 2025 மே மாதத்தில் ஓரிரவுக் கொள்கை வீதத்தை 25 அடிப்படைப் புள்ளிகளால் 7.75 சதவீதத்துக்குக் குறைத்ததாகவே அறிவித்தது. அந்தக் குறைப்பு நிலையான வட்டிக் கடன்களுக்குத் தானாக வந்து சேராது என்பதையும் வாடிக்கையாளருக்கு நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

அலகை மாற்றினால் எல்லாம் தெளிந்துவிடும் என்று நான் கூறவில்லை. 14 இலிருந்து 50 புள்ளிகள் இறங்குவதும் 5 இலிருந்து 50 புள்ளிகள் இறங்குவதும் கடனாளிக்கு ஒரே கனமுடையவை அல்ல. அத்துடன், வட்டி முதல் தொகை முழுவதன்மீதும் கணக்கிடப்படுகின்றதா, குறைந்துவரும் நிலுவைமீதா என்பதைப் புள்ளிகள் காட்டமாட்டா.

ஆகவே பழைய வீதம், புதிய வீதம், புள்ளிகளில் வேறுபாடு, வட்டி கணக்கிடும் முறை, நடைமுறைக்கு வரும் திகதி, மாதத் தவணை ரூபாயில் எவ்வளவு மாறுகின்றது ஆகியவற்றை ஒவ்வொரு கடிதத்திலும் தமிழிலும் அச்சிடுமாறு கேட்டுக்கொள்கின்றேன். உங்கள் கணினியில் இவை அனைத்தும் ஏற்கெனவே உள்ளன.

இப்படிக்கு,
திருகோணமலையிலிருந்து ஒரு கணக்காளர்