ஜூன் 30-ல் பணி நிறைவு: நம் மில் ஃபிட்டர் அண்ணனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்
1-4-2025

அன்புள்ள ஃபிட்டர் அண்ணா,

நம் மில்லின் நிலையாணைப்படி ஓய்வு வயது 58. வரும் ஜூன் 9 அன்று உங்களுக்கு 58 நிறைகிறது. அந்த மாதக் கடைசி நாளான 30-6-2025, திங்கட்கிழமை, உங்கள் கடைசி வேலை நாள். வயது நிறைவால் வரும் ஓய்வு இது. பணிச் சான்றிதழிலும் அப்படியே எழுதித் தருகிறோம்.

3-8-1996-ல் சேர்ந்தீர்கள். 28 வருடமும் கிட்டத்தட்ட 11 மாதமும் ஆகிறது. ஆறு மாதத்துக்கு மேல் இருப்பதால் கிராஜுவிட்டிக்கு 29 வருடமாகக் கொள்கிறோம். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 20,800 ரூபாய். அதை 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 800. வருடத்துக்கு 15 நாள் கணக்கில் 12,000. ஆக மொத்தம் 3,48,000 ரூபாய். ஜூலை 30-க்குள் உங்கள் வங்கிக் கணக்கில் சேர்ந்துவிடும். இதற்கு வருமான வரி கிடையாது. கடைசிச் சம்பளத்தையும் மீதியிருக்கும் விடுப்புக்கான பணத்தையும் ஜூலை 2-ல் தருகிறோம்.

பென்ஷன் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். இரண்டு வருடம் கூடுதலாகச் சேர்த்து, 15,000-ஐ 31-ஆல் பெருக்கி 70-ஆல் வகுத்து, 6,600 வரும் என்று பலர் கணக்குப் போடுகிறார்கள். அவ்வளவு வராது. 2014 ஆகஸ்ட் வரையிலான சர்வீஸுக்குச் சம்பள உச்சவரம்பு 6,500 மட்டுமே. அதற்குப் பிந்தைய வருடங்களுக்குத்தான் 15,000. உங்களுக்கு முதல் பகுதி 18 வருடம், பின்பகுதி 11 வருடம். அதனால் மாதம் 4,200-லிருந்து 4,500-க்குள் எதிர்பாருங்கள். சரியான தொகையை பி.எஃப். அலுவலகம் முடிவு செய்யும். முன்பே தெரிந்தால் வீட்டுச் செலவைத் திட்டமிட உதவும் என்றுதான் சொல்கிறேன்.

விண்ணப்பம் பெரும்பாலும் நிற்பது பிறந்த தேதியிலும் பெயரிலும்தான். ஆதாரில் ஒன்று, பி.எஃப். பதிவில் வேறொன்று என்று இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இனிஷியல் மாறியிருந்தாலும் சிக்கல்தான். ஆகவே இந்த மாதமே ஆதார், வங்கிப் பாஸ்புக், அண்ணியும் நீங்களும் சேர்ந்து எடுத்த புகைப்படம் மூன்றையும் டைம் ஆபீஸுக்குக் கொண்டுவாருங்கள். திருத்தம் வேண்டுமானால் கூட்டு உறுதிமொழியில் நாங்களும் கையெழுத்திட்டு அனுப்புகிறோம். ஜூன் மாதச் சந்தா கட்டியதும் நீங்கள் விலகிய தேதியைப் பதிவு செய்கிறோம். அதன் பிறகு பி.எஃப். பணத்துக்குப் படிவம் 19, பென்ஷனுக்கு 10-டி. இரண்டும் தனித்தனி. ஒன்றைக் கொடுத்தால் மற்றது தானாக நடக்காது.

அண்ணா, ஸ்பிண்டில் சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சொல்வீர்கள். அதைப் புதுப் பையன்களுக்கும் பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தீர்கள். ரிங் ஃப்ரேம் நிற்காமல் ஓடியதில் உங்கள் உழைப்பு பெரிது. நிர்வாகத்தின் சார்பிலும் என் சார்பிலும் மனமார்ந்த நன்றி.

ஜூன் 30 மதியத்துக்குள் டூல் பெட்டியை ஸ்டோரிலும், அடையாள அட்டையை டைம் ஆபீஸிலும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். நாமினி படிவத்தில் அண்ணி பெயர் சரியாக இருக்கிறதா என்றும் அன்றே ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

அன்புடன்,
நிர்வாக இயக்குநர்