தமிழ் பழகும் சப்ளையரைப் பேச விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்னை ஓட்டல்களில் இலை போடுவது முதல் பில் கொண்டுவருவது வரை இன்று பல இடங்களில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா பக்கத்துப் பிள்ளைகள்தான் வேலை பார்க்கிறார்கள். வந்த சில மாதங்களிலேயே தட்டுத் தடுமாறித் தமிழ் பேச ஆரம்பிக்கிறார்கள். அந்தத் தமிழை நாம் கேலி செய்வதில் பெரும்பாலும் கெட்ட எண்ணம் இருப்பதில்லை. ஆனாலும் பேச ஆரம்பித்தவரின் வாயை அது அடைத்துவிடுகிறது. எப்படி என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இந்தி பேசும் இளைஞர் ஒருவர் மேசைக்கு வந்து, “சார், நீ என்ன சாப்பிடுது?” என்று கேட்கிறார். மேசையில் ஒரே சிரிப்பு. “சாப்பிடுதாம்டா!” என்று ஒருவர் அதே ராகத்தில் சொல்லிக் காட்டுகிறார். கல்லாவில் இருப்பவரும் சேர்ந்துகொள்கிறார். இரண்டு நாளில் சமையற்கட்டில் அவருக்கு அதுவே பட்டப்பெயர்.

அந்த வாக்கியத்தில் இருப்பது இரண்டு பிழைகள். இரண்டுக்கும் காரணம் உண்டு.

முதலில் ‘சாப்பிடுது’. இந்தியில் ஆண்பால், பெண்பால் இரண்டுதான், அஃறிணை கிடையாது. தண்ணீர் அங்கே ஆண்பால், ரொட்டி பெண்பால். அவன், அவள், அது மூன்றுக்கும் ‘வோ’ என்ற ஒரே சொல். அப்படிப்பட்ட மொழியிலிருந்து வருகிறவர், மனிதரா இல்லையா என்று பார்த்து வினையின் கடைசியை மாற்றும் பழக்கத்தைப் புதிதாக உண்டாக்கிக்கொள்ள வேண்டும். ஓட்டலில் அவர் காதில் ஓயாமல் விழுவதோ ‘பால் பொங்குது’, ‘தோசை வருது’, ‘லேட் ஆகுது’. அதிகம் கேட்ட முடிவை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார். மொழி பழகுகிற எவரும் கடக்கிற படி இது. ‘-து’ என்ற முடிவைத் தனியாகப் பிரித்து எடுத்துவிட்டார் என்பதே, அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்லாமல் இலக்கணத்தைத் தானே கட்டிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம்.

அடுத்தது ‘நீ’. இதில் தவறு நம்முடையது. மரியாதைச் சொல் இந்தியிலும் உண்டு. பெரியவர்களை ‘ஆப்’ என்று சொல்லித்தான் அவரும் வளர்ந்திருக்கிறார். ஆனால் சென்னையில் அவரிடம் யாரும் ‘நீங்க’ என்று பேசுவதில்லை. “டேய், இங்க வா, தட்ட எடு, போ” என்பதுதான் அவர் காலை முதல் இரவு வரை கேட்கும் தமிழ். தன்னிடம் சொல்லப்படாத சொல்லை அவர் எங்கிருந்து எடுப்பார்? கிடைத்ததை வாடிக்கையாளரிடம் சொல்கிறார். நாம் மரியாதை தெரியாதவன் என்கிறோம். மேலாளரும் மாஸ்டரும் ஒரு மாதம் அவரிடம் ‘வாங்க, எடுங்க, சொல்லுங்க’ என்று பேசிப் பார்க்கட்டும். பாடம் எதுவும் நடத்தாமலே ‘ங்க’ அவர் நாவில் ஏறிவிடும். ‘சரிங்க’, ‘இல்லீங்க’, ‘ஆமாங்க’ என்று ஏறக்குறைய எதோடும் ஒட்டிக்கொள்ளும் முடிவு அது. தமிழ் பழகுகிறவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது அதைத்தான்.

இனி சிரிப்புக்கு வருகிறேன். புது மொழியில் ஒரு வாக்கியம் அமைக்கும்போது மனம் முழுவதும் அதிலேயே இருக்கும்: சொல்லைத் தேட வேண்டும், முடிவைச் சேர்க்க வேண்டும், எதிராளி சொன்னதையும் மறக்கக் கூடாது. யார் சிரிப்பார்களோ என்று பார்ப்பது நான்காவது வேலையாகச் சேர்ந்தால் மற்ற மூன்றில் ஏதாவது நழுவும். நழுவினால் பிழை கூடும், பிழை கூடினால் சிரிப்பும் கூடும். அதிலிருந்து தப்ப அவருக்குத் தெரிந்த ஒரே வழி, நிச்சயமாகத் தெரிந்த நாலு வாக்கியத்தோடு நின்றுவிடுவது.

முதலாளிகள் ஏமாறுவது இங்கேதான். “இப்ப நல்லாப் பேசுறான், தப்பே வர்றதில்ல” என்பார்கள். ஆனால் பேசாமல் ஒதுங்கினாலும் தப்பு குறையும். 1974-இல் ஜாக்குலின் ஷாக்டர் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதைக் காட்டினார். ஆங்கிலம் பயின்ற சீன, ஜப்பானிய மாணவர்கள் ஒரு கடினமான வாக்கிய அமைப்பில் குறைவாகவே பிழை செய்தார்கள். காரணம், அந்த அமைப்பையே அவர்கள் பெரும்பாலும் தவிர்த்துவிட்டார்கள். பிழை இல்லாததை வைத்து மொழி வந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது.

நம் ஓட்டலில் இதைக் கண்டுபிடிப்பது எளிது. எதைச் சொன்னாலும் ‘ஓகே சார்’ என்று தலையாட்டுவார், புரியாதபோதும் ‘என்ன?’ என்று திருப்பிக் கேட்க மாட்டார். எண்ணை விரலால் காட்டுவார். மேசையில் பேச வேண்டியிருந்தால் இன்னொருவரை முன்னே தள்ளுவார். “பொங்கல் இருக்கா?” என்று கேட்டால் பதில் வரும், “பொங்கல் எப்ப வரும்?” என்று கேட்டால் உள்ளே போய்விடுவார். கட்டட வேலையில் இதே மௌனம் ஆபத்து. ‘சாரம் ஆடுது’ என்று சொல்லத் தயங்குகிறவர் அதன்மேலேயே ஏறி நிற்பார்.

நட்பாகக் கேலி செய்தால் என்ன என்று கேட்பார்கள். அது நட்பாகப் போய்ச் சேர்ந்ததா என்பதை மறுநாள் பார்க்கலாம். அதே சொல்லை அவர் மறுபடி சொல்லிப் பார்க்கிறாரா, அதைச் சுற்றிக்கொண்டு போகிறாரா என்று கவனியுங்கள். சுற்றிப் போனால், அன்று அவரும் சேர்ந்து சிரித்தது ஒரு சமாளிப்பு.

அப்படியானால் திருத்தவே கூடாதா? திருத்தலாம், ஆனால் பொருளைக் கெடுக்கும் பிழையை மட்டும். “சார், சாம்பார் இல்லையா?” என்று அவர் கேட்டால், நாம் அவரைக் குழப்பத்தோடு பார்க்கிறோம். ‘வேண்டாமா?’ என்பதைத்தான் கேட்க நினைத்தார். இந்தியில் பெரும்பாலும் ‘நஹி’ ஒன்றே போதும். இங்கே இல்லை, வேண்டாம், மாட்டேன், முடியாது, தெரியாது என்று இடத்துக்கு ஒன்று. அப்போது, “சாம்பார் வேண்டாம், சட்னி மட்டும் போதும்” என்று ‘வேண்டாம்’ என்பதைக் கொஞ்சம் அழுத்திப் பதில் சொன்னால் சரியான சொல் அவர் காதில் விழும். ஆனால் இது எப்போதும் பலிக்காது. கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைக் கவனித்து ராய் லிஸ்டர், லைலா ரான்டா இருவரும் 1997-இல் எழுதியதும் இதுதான்: ஆசிரியர்கள் அதிகம் கையாண்டது இப்படி மாற்றிச் சொல்லும் முறை, மாணவர்கள் பல நேரம் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஆகவே கூட்டம் இல்லாத நேரத்தில், அருகில் யாரும் இல்லாதபோது, “வேண்டாமான்னு கேளுங்க தம்பி” என்று ஒருமுறை சொல்லி, அவரையும் சொல்ல வைத்துவிடுவது நல்லது. ஒரு தடவைக்கு ஒரு பிழை போதும்.

ழகரத்தை விட்டுவிடுங்கள். சென்னையிலேயே பிறந்தவர்கள் பலர் ‘பளம்’ என்கிறார்கள். அவர்களை யாரும் நிறுத்தித் திருத்துவதில்லை. பணம் கொடுத்து வாங்கும் இடத்தில் உண்மையிலேயே தகராறு வருவது எழுபது-எண்பது, தொண்ணூறு-தொள்ளாயிரம் இவற்றில்தான். நேரம் இருந்தால் பில்லில் உள்ள தொகையைக் காட்டி, அதைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

இப்படிக்கு,
பேச்சுத் தமிழ் ஆசிரியர் ஒருவர்,
அயனாவரம், சென்னை.