'முன்–பின்' படத்தை மாட்டுவதற்கு முன்: நெல்லைச் சீமையின் ஜிம் உரிமையாளர்களுக்கும் மாஸ்டர்களுக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணாச்சிமார்களே, அக்காமார்களே, மாஸ்டர்களே,

பாளையங்கோட்டையிலும் டவுனிலும் மேலப்பாளையத்திலும் பயிற்சி சொல்லித் தரும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். ஜிம் வாசலில் தொங்கும் பிளக்ஸ், இன்ஸ்டாகிராம் பதிவு, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் என எங்கும் வரும் அந்த இரட்டைப் படத்தைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. இடப்பக்கம் தொப்பை, வலப்பக்கம் ஒட்டிய வயிறு, நடுவில் ஓர் அம்புக்குறி, கீழே கிலோ கணக்கு. அந்தப் படத்தை நிறுத்தச் சொல்லவில்லை. அது உண்மையைச் சொல்ல வேண்டும், படத்தில் இருப்பவர் சம்மதித்த அளவுக்குள் நிற்க வேண்டும் என்று கேட்கிறோம்.

முதலில் படம். எடை ஒரு கிராம்கூடக் குறையாமல், ஒரே ஆளை ஒரே காலையில் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு ஆளாகக் காட்டிவிடலாம். முதல் படத்துக்குத் தலைக்கு மேலே டியூப் லைட், தோள் தொங்கல், மூச்சை விட்டுத் தளர்ந்த வயிறு, இறுக்கமான பேண்ட். அடுத்துப் பத்து புஷ்-அப் எடுக்கச் சொல்லி, பக்கவாட்டு ஜன்னல் வெளிச்சத்தில் லேசாகத் திருப்பி நிறுத்தினால் இரண்டாவது படம் கிடைத்துவிடும். போனை நெஞ்சுக்கு மேலே பிடிக்கிறோமா, இடுப்புக்குக் கீழே பிடிக்கிறோமா என்பதிலேயே வயிற்றின் அளவு மாறித் தெரியும். வைட் லென்ஸில் கிட்ட நின்று எடுத்தால் ஓரத்தில் இருப்பதெல்லாம் அகன்றுவிடும். இதைப் பலர் தெரியாமலே செய்கிறார்கள். சேரும் நாளில் அவசரமாக ஒரு படம், முடியும் நாளில் ஆசையாக ஒரு படம் என்று எடுத்தாலே இத்தனையும் தானாக நடந்துவிடும்.

இதற்குச் செலவில்லாத வழி உண்டு. வெற்றுச் சுவர் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆள் நிற்கும் இடத்தில் தரையில் டேப் ஒட்டுங்கள். அங்கிருந்து மூன்று மீட்டர் தள்ளி டிரைபாட் நிற்கும் இடத்திலும் ஒட்டுங்கள். போன் அவர் தொப்புள் உயரத்தில், லென்ஸ் 1x-இல் இருக்கட்டும். காலை, வெறும் வயிறு, அதே உடை, அதே விளக்கு, உடற்பயிற்சிக்கு முன். இயல்பாக மூச்சை விட்டு முடித்த நொடியில் முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என மூன்று படம். ஃபில்டர் எதுவும் வேண்டாம். இப்படி எடுத்தால் மாற்றம் சிறிதாகத்தான் தெரியும். ஆனால் அது நிஜமாக நடந்த மாற்றம்.

அடுத்தது எண். ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். நாற்பது வயதைக் கடந்த ஒரு அக்கா ஞாயிற்றுக்கிழமை கல்யாண விருந்து சாப்பிட்டுவிட்டுத் திங்கட்கிழமை சேருகிறார். அன்று எடை 79.4 கிலோ. பதினாறு வாரம் கழித்து, கடைசி வாரத்தில் ஒருநாள் 71.8 கிலோ காட்டுகிறது. போர்டில் '7.6 கிலோ' என்று போட்டுவிடலாம், இரண்டு எண்ணும் மெஷினில் வந்தவைதானே. ஆனால் பயிற்சி தொடங்கும் முன் ஒரு வாரம் தினமும் காலையில் எடை பார்த்துச் சராசரி எடுத்திருந்தால் 78.2 வந்திருக்கும். கடைசி வாரச் சராசரி 72.6. ஆக, உண்மையில் குறைந்த எடை 5.6 கிலோ. மீதி 2 கிலோ, நாம் நாள் பொறுக்கியதால் வந்தது.

அந்த 2 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர். சோறு, பரோட்டா வகையறாவிலிருந்து உடல் சேர்த்துவைக்கும் கிளைகோஜன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உப்பும் அப்படித்தான். ராத்திரி பரோட்டா, சால்னா சாப்பிட்டவர் காலையில் ஒரு கிலோ ஏறி நிற்பது கொழுப்பால் அல்ல. சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரத்தில் சட்டென்று இரண்டு கிலோ இறங்குவதும் அதே தண்ணீர்தான். பெண்களுக்கு மாதவிடாயை ஒட்டியும் எடை ஏறி இறங்கும், எனவே அவர்களுக்குச் சுழற்சியின் அதே கட்டத்தில் ஒப்பிடுவது நியாயம். 'ஒரே வாரத்தில் 3 கிலோ' என்று ஸ்டேட்டஸ் போடுகிறவர் இதை யோசிக்க வேண்டும். அப்படிக் குறைத்தவர் மறுபடி சோறு சாப்பிட்டதும் அது திரும்பி வரும். வந்ததும் தன்னைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வார்.

இடுப்பளவை எடுப்பதிலும் ஒரு விஷயம். தொப்புளை அடையாளமாக வைக்காதீர்கள், தொப்பை குறையக் குறைய அது இடம் மாறும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே எடுப்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முறை. தையல் டேப் நாளாக நாளாக இழுபட்டு நீளும், அப்போது அதே இடுப்பும் சிறியதாகக் காட்டும். மாதம் ஒருமுறை ஸ்டீல் ஸ்கேலோடு வைத்துச் சரிபாருங்கள்.

எண் சரி, படமும் சரி என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பொய் மிச்சம் இருக்கலாம். அது ஆளைப் பொறுக்குவதில் இருக்கிறது. ஒரு பேட்ச்சில் 24 பேர் சேர்ந்து, 15 பேர் பதினாறு வாரம் முடித்தார்கள் என்று வையுங்கள். அதிகம் குறைத்தவர் 9.1 கிலோ. பதினைந்து பேரையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பவர் 3.8 கிலோ. இரண்டு பேருக்கு எதுவும் குறையவில்லை. போர்டில் 9.1 மட்டும் போனால் பார்க்கிறவர் அதைத் தனக்கும் கிடைக்கப்போகும் பலனாகத்தான் படிப்பார். அவர் படத்தைப் போடுங்கள், தப்பில்லை. அதே படத்தில் அதே அளவு எழுத்தில் 'சேர்ந்தது 24, முடித்தது 15, நடுவில் நிற்பவர் குறைத்தது 3.8 கிலோ' என்றும் போடுங்கள்.

அதே அளவு எழுத்து என்று நாங்கள் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. 2022 ஜூனில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல்கள் இதைத்தான் சொல்கின்றன. பொறுப்புத் துறப்பு வாசகம், விளம்பரத்தில் சொன்ன மொழியிலேயே, அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். சொன்னதற்கு மாறாகவும் இருக்கக் கூடாது. தமிழில் பெரிதாக '9 கிலோ உறுதி' என்று போட்டுவிட்டு, மூலையில் எறும்பு அளவு ஆங்கிலத்தில் 'பலன் ஆளுக்கு ஆள் மாறும்' என்று போடுவது அந்த விதிக்கு நேர் எதிர்.

இனி சம்மதம். பல ஜிம்களில் சேர்க்கைப் படிவத்தின் கடைசி வரியிலேயே 'என் படங்களைப் பயன்படுத்தச் சம்மதம்' என்று இருக்கிறது. சேரும் நாளில், தன் உடம்பு எப்படி மாறும், எந்தப் படம் எங்கே வரும் என்று ஒன்றும் தெரியாமல் போடும் கையெழுத்து அது. கோச்சிங் சென்டர்களுக்கு 2024 நவம்பரில் மத்திய அரசு தனி வழிகாட்டுதல் வெளியிட்டது. தேர்ச்சி பெற்ற மாணவரின் பெயரையும் படத்தையும் போட வேண்டுமானால், அவர் தேர்ச்சி பெற்ற பிறகுதான் எழுத்துமூலம் சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது அது. அந்த விதி ஜிம்முக்குப் பொருந்தாது. ஆனால் அதன் நியாயம் நமக்கும் பொருந்தும். பலன் வந்த பிறகு, போடப்போகும் படத்தையே கையில் காட்டி, தனித் தாளில் கேளுங்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், சம்மதம் தானாக வந்ததாகவும் குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாகவும் இருக்க வேண்டும், கொடுத்த அளவு சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும் என்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் கூடாது. எங்கள் கருத்தில், பள்ளிப் பிள்ளைகளின் உடம்புப் படத்தைப் பெற்றோர் கையெழுத்திட்டாலும் போடக் கூடாது.

அந்தத் தாளில் நாலு இடங்களைத் தனித்தனியாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கையெழுத்து வாங்குங்கள்: ஜிம்முக்குள் சுவர், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம், தெருவில் பிளக்ஸ். ஜிம் சுவருக்குச் சரி என்கிறவர் வண்ணார்பேட்டை ரோட்டோரத்தில் தன் வயிறு தொங்குவதற்குச் சரி என்று சொல்லவில்லை. எந்தத் தேதி வரை என்று போடுங்கள். ஒருவர் சேமித்துப் பரப்பிய படத்தை நம்மால் திரும்ப வாங்க முடியாது என்பதையும் கையெழுத்துக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். படத்துக்காகக் கட்டணத்தில் தள்ளுபடி கொடுத்தால் அதையும் பதிவில் போட வேண்டும், ஏனென்றால் அது பார்க்கிறவர் தெரிந்துகொள்ள வேண்டிய தொடர்பு.

கண்ணுக்குக் கறுப்புப் பட்டை போட்டால் ஆள் தெரியாது என்று நம்ப வேண்டாம். நம் ஊரில் பச்சை குத்திய கை, கழுத்துச் சங்கிலி, பின்னால் நிற்கும் வண்டி நம்பர் இதில் ஏதாவது ஒன்று போதும், பார்த்தவுடன் 'இது நம்ம தெரு ஆள்லா' என்பார்கள். முகம் வேண்டாம் என்றால் கழுத்துக்குக் கீழே வெட்டுங்கள். அடையாளங்களையும் மறையுங்கள். வெட்டிய படத்தை அவரிடம் காட்டி 'உங்க வீட்டு ஆட்கள் கண்டுபிடிப்பாங்களா?' என்று கேளுங்கள். மூலப்படங்கள் மாஸ்டரின் சொந்த போனில் கிடக்கக் கூடாது, தானாக கூகுள் போட்டோஸுக்கும் ஏறிவிடும். ஜிம்முக்கென்று ஒரு போன், அதற்குப் பூட்டு, யார் கையில் இருக்கிறது என்ற கணக்கு என எல்லாம் வேண்டும்.

நேர்மையும் அந்தரங்கமும் ஒன்றோடொன்று மோதும் இடம் ஒன்று உண்டு. மேலே சொன்ன அக்காவுக்கு ஆறாவது வாரத்தில் டாக்டர் எடை குறைக்கும் ஊசி போட ஆரம்பித்தார் என்று வையுங்கள். செமாக்ளூடைடு, டிர்செபடைடு போன்றவை இப்போது இந்தியாவிலேயே கிடைக்கின்றன. அந்த 5.6 கிலோவில் பயிற்சியின் பங்கு எவ்வளவு, ஊசியின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. ஊசியைச் சொல்லாமல் படத்தைப் போட்டால், மாதக் கட்டணம் கட்டிச் சேரப்போகும் அடுத்தவரை ஏமாற்றுகிறோம். சொல்லிப் போட்டால் அவருடைய மருத்துவ விஷயம் தெருவுக்கு வருகிறது. 'மருத்துவ உதவியும் இருந்தது' என்று மழுப்பினாலும் ஊர் கேட்டுத் தெரிந்துகொள்ளும். அவர் அதை வெளியே சொல்ல மனதார ஒப்பாதவரை, அந்தப் படம் எவ்வளவு நன்றாக வந்திருந்தாலும் போடக் கூடாது. இதில் நடுவழி கிடையாது. தைராய்டு மாத்திரை தொடங்கியவருக்கும், பிரசவமாகிச் சில மாதங்களில் சேர்ந்தவருக்கும் இதே கணக்குதான். பேட்ச் எண்ணிக்கையில் 'எடையைப் பாதிக்கும் மருந்து எடுத்தவர்களைச் சேர்க்கவில்லை' என்று ஒரு வரி போட்டால் யாரும் காட்டிக்கொடுக்கப்பட மாட்டார்கள், எண்ணும் சுத்தமாக இருக்கும்.

'சர்க்கரை போயே போச்சு', 'பிரஷர் மாத்திரையை நிறுத்தினார்' என்ற வாசகங்களை இன்றே எடுத்துவிடுங்கள். மாத்திரையை நிறுத்துவது டாக்டர் முடிவு. அந்த வரியைப் படித்து ஒருவர் தானாக நிறுத்திவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

இப்போதே மாட்டியிருக்கும் போர்டுகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு படத்துக்கும் தேதி போட்ட சம்மதத் தாள் இருக்கிறதா என்று இந்த மாதத்துக்குள் பாருங்கள். இல்லாத படத்துக்கு உரியவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். கேட்கும்போது, வேண்டாம் என்று சொன்னாலும் பயிற்சியிலும் கட்டணத்திலும் எதுவும் மாறாது என்று முதலில் சொல்லிவிட்டுக் கேளுங்கள். கல்யாணமாகி வேறு ஊருக்குப் போனவர், நம்பர் மாறியவர், இரண்டு முறை கூப்பிட்டும் போன் எடுக்காதவர் என்றால் பிளக்ஸை இறக்கிவிடுங்கள். இன்ஸ்டாகிராமில் பதிவை மட்டுமல்லாமல் ஹைலைட்டிலும் ரீல்ஸிலும் இருப்பதையும் அழியுங்கள். இறக்கிய பிளக்ஸை முகத்தோடு அப்படியே பழைய சாமான் கடைக்கோ ஓலைக் கூரைக்கு மேல் போடவோ கொடுக்காமல், படம் இருக்கும் பகுதியை வெட்டிக் கிழித்த பிறகு கொடுங்கள்.

இப்படிக்கு,
பாளையங்கோட்டை, திருநெல்வேலி டவுன், மேலப்பாளையத்தில் பயிற்சி தரும் சிலர்