பொருள்: ‘ஒவ்வொரு முட்டையும் வெளிச்சத்தில் பரிசோதிக்கப்பட்டது’ என்று அச்சடித்து வந்த முட்டைப் பெட்டி பற்றிய புகார்

அனுப்புநர்: வீட்டில் கேக் செய்து விற்கும் வாடிக்கையாளர், ராயபுரம், சென்னை 13
பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

ஐயா / அம்மா,

வணக்கம். இதையே போனில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒருவர் எடுத்து, “என்ன பிரச்சினை மேடம்?” என்று முதலிலிருந்து கேட்கிறார். அதனால் எழுத்தில் தருகிறேன். தயவுசெய்து முழுவதும் படியுங்கள்.

முப்பது முட்டை கொண்ட உங்கள் பெட்டியின் மூடியில், ஒவ்வொரு முட்டையும் வெளிச்சத்தில் பரிசோதிக்கப்பட்டது என்று பச்சை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள். அதை நம்பித்தான் தெருமுனைக் கடை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கினேன். முட்டை இட்ட தேதியும் பெட்டியில் இருந்தது. அந்தத் தேதிக்கு மறுநாளே பெட்டி என் வீட்டுக்கு வந்தது. அதாவது உங்கள் கணக்குப்படி ஒரு நாள் முட்டை.

அன்றைக்கே ஸ்பாஞ்ச் கேக்குக்காக உடைத்தேன். மஞ்சள் கரு எழும்பி நிற்கவில்லை, தட்டையாகப் பரவியது. வெள்ளைக் கரு தண்ணீராக ஓடியது. பிரித்தெடுக்கும்போது மஞ்சள் உடைந்து வெள்ளையில் கலந்தது. மஞ்சளின் கொழுப்பு துளி கலந்தாலே வெள்ளை நுரைக்காது, உங்களுக்குத் தெரியாததா? பிறந்தநாள் ஆர்டர் போனது. அந்த வீட்டாரோடு அவர்கள் சொந்தக்காரர்கள் எல்லாருமே போனார்கள். என் தொழிலே படுத்துவிட்டது என்றால் மிகையில்லை.

மிச்ச முட்டைகளை இரவு டார்ச் அடித்துப் பார்த்தேன். என் அப்பா முட்டை மண்டியில் வேலை பார்த்தவர், துளை போட்ட தகரப் பெட்டிக்குள் பல்பு வைத்துப் பார்ப்பார். நான் சமையலறை விளக்கை அணைத்து ஜன்னலைச் சாத்திவிட்டு, டார்ச்சின் வாயில் சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றினேன். வெளிச்சம் ஓரத்தில் கசிந்தால் கண் கூசும், உள்ளே ஒன்றும் தெரியாது. முட்டையின் அகன்ற பக்கத்தை அதில் பொருத்தி, மெதுவாகத் திருப்ப வேண்டும்.

அகன்ற பக்கத்தில் பளிச்சென்று ஒரு வெளிச்சக் குல்லாய் தெரியும், அதுதான் காற்றறை. முட்டை இட்டதும் சூடு ஆறி உள்ளிருப்பது சுருங்கும்போது, ஓட்டின் உட்புறத்தை ஒட்டிய இரண்டு சவ்வுகளுக்கு நடுவே அது உண்டாகிறது. அப்புறம் ஓட்டிலுள்ள நுண்ணிய துளைகள் வழியே ஈரம் வெளியேற வெளியேற, நாளுக்கு நாள் கீழே இறங்குகிறது. குல்லாயின் விளிம்பை ஓட்டின் மேல் பென்சிலால் வரைந்தேன். முட்டையை நிமிர்த்திப் பக்கத்தில் ஸ்கேலை நிறுத்தி, உச்சியிலிருந்து கோடு வரை அளந்தேன். 9 மில்லிமீட்டர். அக்மார்க் தரத்தில் ஏ வகைக்கு 4 மில்லிமீட்டர், பி வகைக்கே 8 மில்லிமீட்டர்தான் வரம்பு. கீறல் இல்லாத முட்டையில்தான் அளந்தேன், விரிசல் வழியாக ஈரம் போய்விட்டது என்று சொல்லிவிடாதீர்கள். அதைத் திருப்பினால் மஞ்சள் கருவின் நிழல் கறுப்பாக, விளிம்பு தெளிவாக, இங்குமங்கும் ஓடியது. புது முட்டையில் வெள்ளைக் கரு கெட்டியாக இருப்பதால் நிழல் மங்கலாகத்தான் தெரியும், சட்டென்று நகராது.

இதைச் சொன்னதும் உங்கள் சேவை மையத்து மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? “முட்டைக்கு எக்ஸ்ரே எடுக்கிறீங்களாம்மா? பொரிச்சுத் தின்னுட்டுப் போங்க.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பின்னாலிருந்து இன்னொருவர் சிரிப்பதும் கேட்டது. பெட்டியில் எழுதியிருக்கிற பரிசோதனையைத்தானே நானும் செய்தேன்? அது எக்ஸ்ரே என்றால் மூடியில் எதற்கு அச்சடித்தீர்கள்? அந்த மனிதர் பேசிய பேச்சு பதிவாகியிருக்கும், கேட்டுப் பாருங்கள்.

அடுத்து எடுத்த பெண் மரியாதையாகப் பேசினார், அதற்கு நன்றி. ஆனால் வெயில் காரணம் என்றார். சூடும் வறண்ட காற்றும் காற்றறையைப் பெரிதாக்கும், மறுக்கவில்லை. காற்றறையை வைத்து இத்தனை நாள் முட்டை என்று துல்லியமாகச் சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் அதே நாள் தெருமுனைக் கடையில் வாங்கிய நாமக்கல் முட்டைகளையும் உங்கள் பெட்டிக்குப் பக்கத்திலேயே, அதே அலமாரியில் வைத்துப் பார்த்தேன். தேதி போடாத அந்த உதிரி முட்டைகளில் 4 மில்லிமீட்டரைத் தாண்டியது ஒன்றுகூட இல்லை. ராயபுரம் வெயில் உங்கள் முட்டையை மட்டும் தேடி வந்து அடித்ததா?

கீறலுக்கு வருகிறேன். ஏழு முட்டைகளில் முடி போன்ற கீறல் இருந்தது. பகலில் கையில் வைத்துப் பார்த்தால் தெரியாது. இருட்டில் டார்ச் அடித்தால் வெள்ளை நூல் ஒட்டியதுபோல் பளீரென்று தெரிகிறது. உள்சவ்வு கிழியாததால் ஒழுகவில்லை, ஆனால் கிருமி நுழைய அந்த வழி போதும். நுழைந்துவிட்டதா என்று எந்த டார்ச்சும் காட்டாது.

இந்த ஏழையும் மாதவரம் கிடங்குக்கு எடுத்து வரச் சொன்னது நீங்கள்தான். பஸ்ஸில் மடியில் வைத்து, பிரேக் போடும்போதெல்லாம் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். வாசலில் வெகுநேரம் நிறுத்திவைத்தார்கள். அப்புறம் வந்தவர், உச்சி வெயிலில், திறந்த முற்றத்தில், செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்து “ஒண்ணும் தெரியலையே” என்றார். நல்ல வெளிச்சத்தில் எப்படித் தெரியும்? இருட்டறை கேட்டேன், இல்லை என்றார். பரிசோதனை செய்து அனுப்பும் கம்பெனிக்கு ஓர் இருட்டறை இல்லையா! கடைசியில் படிக்கட்டுக்குக் கீழே நானே காட்டினேன். உடனே, அது ஓட்டின் புள்ளி என்றார். புள்ளிகள் ஓடு முழுக்கச் சிதறிக் கிடக்கும். கீறல் ஒரே கோடாக ஓடும், இருபுறமும் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் கோடு விரியும். விரித்துக் காட்டியதும், “அப்ப பஸ்ல உடைஞ்சிருக்கும்” என்று திருப்பி அனுப்பினார். வீட்டில் எடுத்த படங்களை அவர் பார்க்கவே இல்லை. தேதியோடு இருந்த அந்தப் படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.

சரி, கீறலுக்கு வண்டியையோ பஸ்ஸையோ காரணம் சொல்லுங்கள், ஒரு பேச்சுக்கு ஒப்புக்கொள்கிறேன். காற்றறையை எந்த வண்டி பெரிதாக்கியது? அச்சிட்ட தேதி பொய், அல்லது முட்டையை யாரும் வெளிச்சத்தில் பார்க்கவில்லை. என் கணக்கில் இரண்டுமே.

பெட்டியின் விலையும், வீணான கேக்கின் பணமும், மாதவரம் போய்வந்த செலவும் திரும்ப வேண்டும். அந்தத் தேதி எப்படிப் போடப்பட்டது என்பதற்கு எழுத்தில் விளக்கமும் வேண்டும். சண்டை போடும் ஆசை எனக்கில்லை, உங்கள் மேல் மரியாதை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. பதினைந்து நாளில் பதில் வராவிட்டால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், உணவுப் பாதுகாப்புத் துறையிலும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் இதே கடிதம் இருக்கும்.

மிச்ச முட்டைகளை ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். பென்சில் கோடு அன்றைக்குப் போட்டது, காற்றறை இப்போது அதற்கும் கீழே இறங்கியிருக்கும். ஆள் அனுப்பினால் கோட்டை வைத்துத்தான் அளக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள். மாலை ஏழு மணிக்குமேல் வரட்டும், பகலில் என் சமையலறையில் வெளிச்சம் அதிகம்.

இப்படிக்கு,
உங்கள் பச்சை எழுத்தை நம்பிய வாடிக்கையாளர்