இடது முன் டயரின் உள்விளிம்பு

அன்பு மகள் தேன்மொழிக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ சாப்பிட்டுவிட்டு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோது கார்ப்பேட்டைக்குப் போய் உன் டயர்களை அளந்து பார்த்தேன். மூன்று டயர்கள் நன்றாகவே இருக்கின்றன. இடது முன் டயர் மட்டும் சரியில்லை. அதன் பள்ளத்தின் ஆழம் வெளிப்பக்கத்தில் 4.8 மில்லிமீட்டர், நடுவில் 4.6, உள்பக்கத்தில் வெறும் 2.3.

நீ காருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் தெரிவது வெளிப்பக்கம்தான். ஸ்டீயரிங்கை முழுவதும் வலப்பக்கம் திருப்பிவிட்டு, இறங்கி, டயரின் பின்பக்கமாகக் குனிந்து பார். உள்விளிம்பு வழவழவென்று இருக்கும். ஒரு பக்கம் மட்டும் இப்படித் தேய்ந்தால் பெரும்பாலும் சக்கரக் கோணம் விலகியிருக்கிறது என்று பொருள். காற்று குறைந்து ஓடிய டயர் இரண்டு ஓரங்களிலும் தேயும், காற்று அதிகமானால் நடுவில் தேயும். உன் டயரில் இரண்டுமே இல்லை.

நீயே ஒருமுறை அளந்து பார். பள்ளத்தின் ஆழம் அளக்கும் கேஜ் இல்லாவிட்டால் பத்துக் காசு போதும். அகலமான நீளப் பள்ளத்தில், பள்ளம் போகும் திசையிலேயே காசைச் செங்குத்தாக அடிவரை இறக்கு. டயரின் மேல்மட்டம் காசைத் தொடும் இடத்தில் நகத்தை வைத்துப் பிடித்தபடி வெளியே எடுத்து ஸ்கேலில் வை. சில ஸ்கேல்களில் பூஜ்யம் ஓரத்திலிருந்து தொடங்காது, அதைக் கவனித்துக்கொள். யூடியூபில் காசில் இருக்கும் தலை தெரிகிறதா என்று பார்க்கச் சொல்வார்கள். அது அமெரிக்கக் காசுக்கான கணக்கு, நம் காசுக்குப் பொருந்தாது.

காசு அரை மில்லிமீட்டர் முன்பின் காட்டும். ஐந்தா இரண்டா என்று தெரிந்துகொள்ள அது போதும், இரண்டா 1.6-ஆ என்று அடித்துச் சொல்ல அது உதவாது. அதற்கு கேஜ்தான் வேண்டும், விலையும் சில வெள்ளிதான். முதலில் அதைச் சமதளத்தில் அழுத்திப் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அளக்கத் தொடங்கு. உள், நடு, வெளி என்று மூன்று இடத்திலும், சக்கரத்தைச் சுற்றி இரண்டு மூன்று முறையும் அள. பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன ரப்பர் மேடு குறுக்கே நிற்கும், அதன் மேல் ஊசியை வைத்தால் ஆழம் குறைவாகக் காட்டும். கிடைத்ததில் எது குறைவோ அதுதான் டயரின் அளவு. சராசரி பார்க்காதே.

அந்த மேட்டின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் அதற்குச் சமமாகத் தேய்ந்துவிட்டால் சட்டப்படி அந்த டயரை ஓட்டக்கூடாது, வாகனப் பரிசோதனையிலும் தேறாது. பட்டறையில் நடுப் பள்ளத்து மேட்டைக் காட்டி "இன்னும் இருக்கு" என்று சொன்னால் நம்பிவிடாதே. நடுவில் அது உண்மையாகவே இருக்கலாம்.

என்னைக் கேட்டால் 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிட வேண்டும். பள்ளத்தின் வேலை தண்ணீரை ஒதுக்கி வெளியே தள்ளுவது. ஆழம் குறையக் குறைய வேகத்தில் தண்ணீர் ஒதுங்க இடமில்லாமல் டயர் அதன் மேலேயே மிதக்கத் தொடங்கும், அப்போது பிரேக்கும் கேட்காது, ஸ்டீயரிங்கும் கேட்காது. டிசம்பர் மழையில் பிஐஇ விரைவுச்சாலை எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். காய்ந்த சாலையில் மட்டும் ஓட்டுவதென்றால் நானும் இவ்வளவு அடம்பிடிக்க மாட்டேன்.

உன் டயர் புதிதாக இருந்தபோது சுமார் 8 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள். பில்லின்படி 30,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நடுவில் 3.4 தேய்ந்திருக்கிறது, அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 8,800 கிலோமீட்டர். அதை மட்டும் பார்த்தால் 3-ஐத் தொட இன்னும் 14,000 கிலோமீட்டர் இருக்கிறது. உள்பக்கத்தில் தேய்ந்தது 5.7. அங்கே ஒரு மில்லிமீட்டர் 5,300 கிலோமீட்டர்கூட வரவில்லை, 3-ஐயும் எப்போதோ தாண்டிவிட்டது. 1.6-ஐத் தொட மிஞ்சியிருப்பது 3,700 கிலோமீட்டர்தான். கோணம் அண்மையில்தான் விலகியது என்றால் இன்னும் குறையும். நீ போகவிருக்கும் மலாக்காவுக்குப் போய்வர 500 கிலோமீட்டர் ஆகும், தூரம் பிரச்சினையில்லை. மழையில் நெடுஞ்சாலை வேகத்தில் இந்த டயரோடு போவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அதனால் போவதற்கு முன்பே மாற்றிவிடு. ஒன்றை மட்டும் மாற்றாதே, இரண்டாக வாங்கு. புதிய இரண்டையும் பின்னால் போடச் சொல், பின்னால் இருக்கும் நல்ல டயர்கள் முன்னால் வரட்டும். முன் சக்கரம்தானே இழுக்கிறது என்று பட்டறையில் வாதாடுவார்கள். ஈரச் சாலையில் முன் டயர் வழுக்கினால் கார் நேராகப் போகும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் பிடித்துவிடலாம். பின்பக்கம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும், அதைப் பிடிப்பது உன்னாலும் ஆகாது, என்னாலும் ஆகாது.

சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டையும் அன்றே செய்துவிடு, இல்லாவிட்டால் முன்னால் வரும் டயரும் இப்படியே தேயும். சரிசெய்வதற்கு முன்பும் பின்பும் எடுத்த அளவுத் தாளைக் கேட்டு வாங்கி எனக்குப் படம் அனுப்பு.

அன்புடன்,
அப்பா