நீருக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து: வேதியியல் வினாத்தாள் அமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

வேதியியல் வினாத்தாள் அமைக்கும், விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நானும் உங்களைப் போல வேதியியல் நடத்துகிறவன்தான். என் மாணவி ஒருத்தி தேர்வு முடிந்து கொண்டுவந்த வினாத்தாளைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். வினா இதுதான்: CH₄ + 2O₂ → CO₂ + 2H₂O என்ற வினையில் என்ட்ரோபி மாற்றத்தின் குறி என்ன? காரணம் தருக.

அவள் எழுதிய விடை: "இடப்பக்கம் மூன்று மோல் வாயு, வலப்பக்கமும் மூன்று மோல் வாயு. எனவே மாற்றம் மிகச் சிறியது. அட்டவணை இல்லாமல் குறியைச் சொல்ல முடியாது." விடைக்குறிப்பில் இருந்தது "எதிர்க்குறி" என்ற ஒரே சொல். அவளுக்குச் சுழியம் போட்டிருந்தார்கள்.

அவள் நீரை நீராவி என்று எடுத்துக்கொண்டாள். விடைக்குறிப்பு எழுதியவர் திரவம் என்று எடுத்துக்கொண்டார். வினாத்தாளோ எதுவும் சொல்லவில்லை. இந்த ஒரு விஷயம் எண்ணில் எவ்வளவு வித்தியாசம் செய்கிறது என்று பாருங்கள். 298 K-இல் திட்ட மோலார் என்ட்ரோபி, ஜூல்/கெல்வின் மோல் அலகில்: மீத்தேன் 186.3, ஆக்சிஜன் 205.2, கார்பன் டை ஆக்சைடு 213.8, நீராவி 188.8, திரவ நீர் 69.9. வினைபடு பொருட்களின் கூட்டுத்தொகை 186.3 + 2 × 205.2 = 596.7. நீர் திரவமானால் வலப்பக்கம் 213.8 + 139.8 = 353.6, மாற்றம் −243.1. நீராவியானால் வலப்பக்கம் 213.8 + 377.6 = 591.4, மாற்றம் வெறும் −5.3.

இரண்டுமே எதிர்க்குறிதான், அப்புறம் என்ன பிரச்சினை என்று கேட்கலாம். முதலாவதில் வாயு மோல்களின் மாற்றம் −2, அதனால் குறியைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். இரண்டாவதில் அந்த மாற்றம் சுழியம். அங்கே −5.3 என்பது அறுநூறுக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு எண்களைக் கழித்ததில் மிஞ்சிய சின்ன மீதி. அது எந்தப் பக்கம் சாயும் என்று மோல்களை எண்ணி யாராலும் சொல்ல முடியாது. அவள் எழுதியது அதைத்தான். தன் சமன்பாட்டுக்குச் சரியான விடையைத்தான் அவள் கொடுத்தாள்.

"25 டிகிரியில் நீர் திரவம்தானே, இதைக்கூடச் சொல்ல வேண்டுமா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் மீத்தேன் எரியும் சுடரிலிருந்து வெளியே வருவது நீராவி. அட்டவணையிலும் நீருக்கு இரண்டு வரிகள் இருக்கின்றன, இரண்டுமே 298 K-க்கு உரியவை. எந்த வரியை எடுப்பது என்று முடிவு செய்யும் பொறுப்பு வினா எழுதியவருடையது. மாணவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடக்கூடாது.

இரண்டாவதாக ஒன்று சொல்ல வேண்டும், இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. வாயு மோல்கள் சமமானால் "ΔS = 0" என்றே விடைக்குறிப்பில் எழுதி, அதற்கு முழு மதிப்பெண்ணும் தருகிறார்கள். கார்பன் மோனாக்சைடும் நீராவியும் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடும் ஹைட்ரஜனும் தரும் வினையை எடுத்துக்கொள்வோம். எல்லாமே வாயு, இரண்டுக்கு இரண்டு. CO 197.7, நீராவி 188.8, மொத்தம் 386.5. CO₂ 213.8, ஹைட்ரஜன் 130.7, மொத்தம் 344.5. மாற்றம் −42.0. இதைச் சுழியம் என்று எப்படிச் சொல்வது?

இந்த 42 எங்கிருந்து வந்தது? ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில் கனமான மூலக்கூறுக்கு இடப்பெயர்ச்சி என்ட்ரோபி அதிகம். நிறை கூடக் கூட அது (3/2)R ln M என்ற அளவில் ஏறும். இடப்பக்கம் 28, 18 என்று நடுத்தர நிறையுள்ள இரண்டு மூலக்கூறுகள். வலப்பக்கம் 44, 2. நிறைகளின் பெருக்கற்பலன் 504-இலிருந்து 88-ஆக விழுகிறது. 12.47-ஐ ln(88/504)-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய −22. பாதி இழப்பு இங்கேயே போய்விட்டது. மீதியில் பெரும்பங்கு சுழற்சியில் போகிறது. வளைந்த நீர் மூலக்கூறு மூன்று அச்சுகளிலும் சுழலும். நேர்கோட்டு CO₂-க்கு இரண்டு அச்சுகள்தான். ஹைட்ரஜனின் சுழற்சி ஆற்றல் மட்டங்களோ ஒன்றுக்கொன்று மிகத் தள்ளி இருப்பதால், அறை வெப்பநிலையில் அதற்குக் கிடைக்கும் நிலைகள் கொஞ்சம்தான். அதனால்தான் அட்டவணையில் ஹைட்ரஜனின் எண் இவ்வளவு தாழ்வாக நிற்கிறது. "வாயு மோல் எல்லாம் ஒன்றுதான்" என்று எண்ணும்போது இந்த வேறுபாடுதான் கண்ணில் படாமல் போகிறது.

எதிர்ப்பக்கம் சாயும் வினைகளும் உண்டு. N₂ + O₂ → 2NO வினையில் 2 × 210.8-லிருந்து 191.6-ஐயும் 205.2-ஐயும் கழித்தால் +24.8. இங்கேயும் வாயு மோல் மாற்றம் சுழியம்தான். ஆகவே அந்தச் சுழியத்துக்குச் சரியான விடை "மாற்றம் சிறியது, குறியை அட்டவணைதான் சொல்லும்" என்பது. இதை எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள்.

அப்படியானால் மோல் எண்ணும் விதியையே தூக்கிப்போடச் சொல்கிறேனா? இல்லவே இல்லை. கணக்கைச் சரிபார்க்க அதைவிட வேகமான வழி எனக்குத் தெரியாது. N₂ + 3H₂ → 2NH₃ வினையில் பிள்ளைகள் அடிக்கடி ஒரு தவறு செய்வார்கள். உருவாதல் என்தால்பி தனிமங்களுக்குச் சுழியம் என்று படித்த நினைவில், நைட்ரஜன், ஹைட்ரஜன் இரண்டின் S°-ஐயும் சுழியம் என்று போட்டுவிடுவார்கள். விடை +385.6 என்று வரும். ஆனால் நான்கு மோல் வாயு இரண்டாகக் குறையும்போது நேர்க்குறி வருமா? அந்த ஒரு கேள்வியைக் கேட்டாலே தவறு பிடிபட்டுவிடும். S° தனி அளவு. 298 K-இல் எந்தத் தனிமத்துக்கும் அது சுழியமாகாது. சரியான கணக்கு 2 × 192.8 − 191.6 − 3 × 130.7 = −198.1.

இந்தச் சரிபார்ப்புக்கும் ஓர் எல்லை உண்டு. அதே வினையில் கெழுக்களால் பெருக்க மறந்தால் 192.8 − 191.6 − 130.7 = −129.5 வரும். குறி சரியாக இருப்பதால் தவறு தப்பிவிடும். அதனால் குறியை மட்டும் கேட்டு நிறுத்தாமல், பெருக்கிய வரியையும் எழுதச் சொல்லி அதற்குத் தனி மதிப்பெண் வையுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. சமன்பாட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் (s), (l), (g) போடுங்கள். நிலை அச்சாகாத வினா ஏற்கெனவே போய்விட்டால், மாணவர் எந்த நிலையைக் கொண்டாரோ அதன்படி திருத்துங்கள். என் மாணவி மறுமதிப்பீட்டுக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். மேலே உள்ள இரண்டு கணக்குகளையும், திரவ நீருக்கு ஒன்றும் நீராவிக்கு ஒன்றுமாக, தன் கைப்பட எழுதி அதோடு இணைத்திருக்கிறாள். அதைத் திருத்துபவர் அந்தத் தாளை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
ஒரு வேதியியல் ஆசிரியர்